சுகந்தியின் தாளம்

மறுநாள் பரதநாட்டிய அரங்கேற்றம். கடைசி ஒத்திகையில், வர்ணத்தின் முதல் ஜதியை மதுவந்தி மூன்றாவது முறையாக ஓர் எண்ணிக்கை முன்னதாகவே முடித்து நின்றாள். மிருதங்கம் அவளுக்குப் பின்னால் வந்து முடிந்தது.

ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்த செல்வி டீச்சர் கைத்தாளத்தைக் கீழே வைத்தார். "ஏண்டி ஓடறே? போன வாரம் சரியாத்தானே ஆடினே?"

முதல்முறையாக ஒத்திகை பார்க்க வந்திருந்த அம்மா சுகந்தி முன்வரிசையிலிருந்து பதறினாள். "நானூறு பேர் வர்றாங்கடி. அத்தை துபாய்லேர்ந்து வந்து இறங்கியாச்சு. மானத்தை வாங்கிடாதே!"

நான்காவது முறை மதுவந்தி முழங்கால் மடித்து அரைமண்டியில் இறங்கினாள். பயத்தில் கண் தானாக அம்மாவின் மடிக்குப் போயிற்று. அங்கே அம்மாவின் கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், உடனே அடுத்த தட்டு.

மதுவந்தி ஆட்டத்தை நிறுத்தினாள். "அம்மா, நடுவிரல் எங்கே?"

"என்னடி உளர்றே?"

"ஆதி தாளத்துக்கு எட்டு. நீ ஏழுதான் எண்ணறே. உன் கையைப் பார்த்துத்தான் நான் ஓடறேன்."

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

"ஒத்தாசையே வேணாம்மா! கையைக் கட்டிட்டு உக்காரு."

சுகந்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டாள். மதுவந்தி செல்வி டீச்சரின் தாளத்துக்கு மட்டும் காது கொடுத்தாள். ஜதியின் மூன்று வேகங்களும் ஓடி, கடைசி அடி மிருதங்கத்தோடு ஒன்றாக விழுந்தது.

"இதைத்தான் கேட்டேன்" என்றார் டீச்சர்.

சுகந்தி மெல்லச் சொன்னாள்: "அத்தையும் என்னை மாதிரியேதான் தாளம் போடுவாடி."

மதுவந்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.