0.126 வரைக்கும்

சமன்பாட்டுக்குப் படிப்படியாகத் தோராய விடை காணும் ரங்கே-குட்டா முறையைப் பாடமாக எடுக்கத் தயாரித்துக்கொண்டிருந்தாள் ஹில்டா. துறைமுகச் சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். போன வாரம் டெய்லர் தொடர் டெஸ்டில் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. y′ = x − y², y(0) = 1. 0.1, 0.1 ஆக நகர்ந்து 0.5க்கு வந்தபோது கால்குலேட்டர் 0.7653 காட்டியது.

அவள் போட்டிருந்த விடைக்குறிப்பில் 0.7969.

எங்கோ தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டாள். அதே விடைதான். டெஸ்டுக்கு வினாத்தாள் தயாரித்த அன்று, கைடில் இருந்த கணக்கில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றியிருந்தாள். அங்கே y(0.1) மட்டும் கேட்டிருந்தது. மனப்பாடம் செய்துவிட்டு வருவார்களே என்று y(0.5)ஐயும் சேர்த்து, நான்கு தசம இடம் திருத்தமாக வேண்டும் என்றாள். விடைக்கு, x⁴ வரை இருந்த அதே தொடரில் 0.5ஐப் போட்டுவிட்டாள்.

இப்போது விட்டுப்போன அடுத்த உறுப்பைக் கையால் எழுதினாள். சுழியில் வகைக்கெழுக்கள் −1, 3, −8, 34, −186. கடைசியை 120ஆல் வகுத்தால் −31/20. x = 0.5 என்றால் அந்த ஓர் உறுப்பே 0.0484. இரண்டாம் தசமமே ஆடுகிற இடத்தில் நான்கு தசமம் கேட்டிருக்கிறாள்.

ஒருத்தி மட்டும் அதை எழுதியிருந்தாள். குலசேகரன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிற இசக்கிச்செல்வி. 0.1க்கு 0.9138 என்று முடித்துவிட்டுக் கீழே இரண்டு வரி: ‘அடுத்த உறுப்பு 0.00005க்குள் நிற்க வேண்டும் என்றால் x 0.126ஐத் தாண்டக் கூடாது. 0.5க்கு இந்தத் தொடரை வைத்து முடியாது.’

ஹில்டா அன்று அந்த வரிகளை முழுதாகப் படிக்கவில்லை. எண்ணைத் தேடினாள், இல்லை, கடைசியில் ‘முடியாது’ மட்டும் கண்ணில் பட்டது, சிவப்பில் சுழித்தாள். அதோடு விட்டிருந்தாலாவது போகட்டும். பேப்பர் கொடுக்கும்போது வகுப்பில் உரக்கச் சொன்னாள்: “முடியாதுன்னு எழுதி வச்சிருக்கா. இவள வீட்டுல சோறு பொங்கச் சொன்னாலும் முடியாதுன்னுதான் சொல்லுவா போல.” வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு தனக்குப் பிடித்திருந்தது என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது.

இசக்கிச்செல்வியை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

“ஒன் பேப்பரக் கொண்டா. பாவம், முயற்சி பண்ணிருக்க. ஏதாவது மார்க் போட்டுத் தாரேன்.”

பாவம் என்ற சொல் எப்படி வந்தது என்று ஹில்டாவுக்கே தெரியவில்லை.

இசக்கிச்செல்வி பேப்பரை நீட்டவில்லை. “அப்ப நான் எழுதுனது சரியா மேம்?”

“அதான் மார்க் போடுதேன்னு சொல்லுதேம்லா.”

“சரின்னா போடுங்க. தப்புன்னா தப்பாவே இருக்கட்டும். பாவம் பாத்துலாம் வேண்டாம் மேம்.”

பக்கத்து மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஹில்டாவின் காது மடல் சுட்டது. பயந்து பயந்து நிற்கும் பெண் என்று இவளை நினைத்திருந்தாள். பயந்தது யார் என்று இப்போது தெரிந்துபோயிற்று.

“சரிதான்” என்றாள் மெதுவாக. “நீ கிளாஸுக்குப் போ. நான் வாரேன்.”

கரும்பலகையில் தொடரை எழுதி, x⁵ உறுப்பையும் சேர்த்தாள். “குறி மாறி மாறி வருது. உறுப்பும் சின்னதாகிட்டே போகுது. அதனால விட்டுப்போன முத உறுப்ப வச்சே பிழையக் கணிக்கலாம். 0.126 வரைக்கும்தான் இந்தத் தொடர நம்பலாம். அதுக்கு மேல போகணும்னா 0.1ல போய் நின்னு, அங்கன கிடைச்ச மதிப்ப வச்சுப் புதுசாத் தொடர் போடணும். நான் கேட்ட கேள்வியே தப்பு. என் விடையும் தப்பு. இசக்கிச்செல்வி எழுதுனதுதான் சரி.”

“மேம், அப்ப எங்களுக்குப் போட்ட மார்க்கப் பிடுங்கிருவீங்களோ?” கிளாட்வின் கேட்டான். பின்வரிசை கிசுகிசுத்தது.

“தப்பு என்னுது. ஒங்களுக்குக் குறைக்கல. அவளுக்கு முழுசும் உண்டு.”

கணக்கைச் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்த பிறகும் அவளால் பலகையை விட்டுத் திரும்ப முடியவில்லை.

“அன்னைக்குச் சோறு பொங்குறதப் பத்தி ஒரு பேச்சு பேசினேன்” என்றாள். “அது கணக்குத் தப்பு இல்ல. படிக்காமலே திருத்திட்டு, அதுக்கு மேல ஒரு கேலி. அதுக்கு மன்னிப்புக் கேக்கேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இசக்கிச்செல்வி தலையை அசைத்தாள், அவ்வளவுதான். பிறகு பலகையைப் பார்த்து x⁵ உறுப்பைக் குறித்துக்கொண்டாள்.

‘பரவால்ல மேம்’ என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்துத்தான் ஹில்டா நின்றுகொண்டிருந்தாள். அவள் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து நின்றது உறைத்ததும் ஹில்டாவுக்கு முகம் சுருங்கியது.