அரை டேங்க் டீசல்

காலடிப்பேட்டையில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் வைத்திருந்தன. யாருக்கு எந்த நாள் என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். எடுத்தவர் மாலை ஆறு மணிக்குள், டேங்கில் அரைவாசி டீசலோடு வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

வியாழக்கிழமை ஜெயவேலின் முறை. அவன் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு கெங்கம்மா ஓடி வந்தாள்.

"ஜெயவேலு, அவருக்கு மாரு வலிக்குதுப்பா! வேர்த்து ஊத்துது!"

ஜெயவேல் பெட்டிகளைத் தெருவிலேயே இறக்கிப் போட்டான். அவள் கணவர் பொன்னுரங்கத்தை வேனில் படுக்கவைத்து, அவளையும் ஏற்றிக்கொண்டு, டீசல் முள்ளைக்கூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினான். பாதி வழியில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

"டீசல் சுத்தமா இல்லக்கா! நேத்து யாரு எடுத்துகினு போனது?"

நேற்று கெங்கம்மாவின் முறை. மீஞ்சூர் கல்யாணத்திலிருந்து திரும்ப நேரமாகிவிட்டதால் பங்க்குக்குப் போகாமல் வந்திருந்தாள்.

"நான்தாம்பா."

மறுகணம் ஜெயவேல் ரோட்டில் குதித்து, வந்த ஷேர் ஆட்டோவை மறித்தான்.

பொன்னுரங்கம் பிழைத்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

வெளியே ஜெயவேல் டீ வாங்கி வந்து நீட்டினான். கெங்கம்மாவுக்கு வாங்கக் கை எழவில்லை.