மேல் வீட்டு வாடகை

கணவரும் கூட வருவார் என்று நூலகரான அவள் எதிர்பார்க்கவே இல்லை. அவள் அப்பா கொடுத்த வீடு, அவள் பேரில் வரிக்கணக்கு; வருஷா வருஷம் தனியாகத்தான் ஆடிட்டரிடம் வருவாள். இந்த வருஷம் பார்த்து மனுஷருக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஆடிட்டர் அறை நாற்காலியில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். கீழ் வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். மேல் வீட்டில் அவள் தம்பி. அவன் வாடகை தருவதாகத்தான் கணவரிடம் சொல்லியிருந்தாள். வேலை போய் நிற்கிறவனிடம் எந்த வாயால் கேட்பது? அதைக் கணவரிடம் அப்போதே சொல்லியிருந்தால் போதும். ஆனால் கணவரின் அக்கா அந்த மேல் வீட்டைக் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லையே. "வாடகை வருதுக்கா" என்று இவர் கையை விரித்துவிட்டார். அந்த அக்கா இப்போது எங்கேயோ ஒற்றை அறையில் இருக்கிறார்.

"வீட்டைப் புதுப்பிக்க வாங்கின லோன் தவணை முழுசும் வாடகைக் கணக்குல கழிச்சுக்கலாம்ல?" என்றார் கணவர்.

"வட்டி மட்டும்தான் சார். அசல் கழிவுல வராது. கட்டின வீட்டு வரி வரும். ரிப்பேர், இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் சேர்த்து வாடகையில முப்பது சதவீதம் மொத்தமா கழிச்சுக்கலாம்."

"அப்ப மேல குளியலறைக் குழாய் மாத்தினது?"

"அதுவும் ரிப்பேர்தான், அந்த முப்பதுலயே அடங்கிடும். புதுசா ஒரு ரூம் எழுப்பினா அது வேற கதை." ஆடிட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஆனா மேல் வீட்டு வாடகையே இங்க காணோமேம்மா. வாடகை வராத பாகத்துக்குச் செலவைக் கழிக்க முடியாது. வட்டியிலகூடப் பாதியைத்தான் கழிக்கலாம். போன வருஷம் வரைக்கும் மேல் வீட்டைச் சேர்க்காமத்தானே போட்டோம்?"

"இவ தம்பி ரொக்கமா குடுத்திருப்பான். கணக்குல சேர்த்துக்கோங்க, வரி கட்டிடலாம்," என்றார் கணவர், மச்சினனை விட்டுக்கொடுக்காமல்.

ஆடிட்டர் அவளைப் பார்த்தார். "உண்மைன்னு கையெழுத்து போடப் போறது நீங்கதாம்மா. வாங்கினீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டு வீடு போய்ச் சேரலாம். அவள் கைப்பையை மூடி மடியில் வைத்தாள்.

"இல்ல," என்றாள். "ஒரு பைசா வாங்கினதில்ல. லோனை என் சம்பளத்துலதான் கட்டுறேன்."

கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கீழ் வீட்டையும் சும்மா குடுத்துட்டா இந்த வரித் தொல்லையே இருக்காது, இல்லையா?"

"வாடகையும் இருக்காது சார்," ஆடிட்டர் சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"கீழ இருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்லி நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? எங்க அக்காவுக்கு இப்பல்லாம் படி ஏற முடியாது."