இறங்குகிற வேகம்

மத்திய வங்கியின் டாலர் வர்த்தக அறையில் காலையிலிருந்து அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. நாட்டின் நாணயம் சரிந்துகொண்டிருந்தது. கையிருப்பிலிருந்த டாலரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தையில் விற்று, பதிலுக்கு உள்நாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே விலையில பிடிச்சு நிறுத்தப் பார்க்காதம்மா, இருக்கிற டாலரெல்லாம் கரைஞ்சுடும்," என்றார் மேலாளர். "இறங்கட்டும். தடதடன்னு இறங்கக் கூடாது, அவ்வளவுதான்."

மதியம் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கீழே மாடிப்படி வளைவுக்குப் போனாள். வெளிநாட்டில் டாலர் சம்பளத்துக்கு உழைக்கும் கணவன் அவள் அழைப்புக்குக் காத்திருந்தான். பாதியில் நிற்கும் வீட்டை முடிக்கப் பணம் சேர்ந்ததும் வந்துவிடுவதாக வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"நம்ம காசு விழுதாமே? நான் அனுப்புறது அங்க கூடுதலா வருமே. இப்படியே விழுந்தா அடுத்த மாசமே கிளம்பிடுவேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் சட்டையின் வாசனைகூட மறந்துபோயிருந்தது. மருந்தும் எரிபொருளும் ஒரே நாளில் எட்டாக்கனி ஆகிவிடாமல் இருக்கத்தான் விற்கிறோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தப் பிரிவில் வேலை என்பதைக்கூட வீட்டில் சொல்லக் கூடாது.

"உங்க பேங்க்லதான் யாரோ டாலரை வித்து முட்டுக்கட்டை போடுறாங்களாம்," என்று சிரித்தான். "அந்த ஆளுக்கு ஊர் திரும்ப வேண்டிய சொந்தம் யாருமே இல்ல போல."

"இருக்கும்," என்றாள். படியேறி, போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, மறுபடி விற்கப் போனாள்.