பின்மூடியைத் திறக்கும் முன்

அண்ணனும் அண்ணியும் ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள். மணி இரண்டே கால். மெக்கானிக் வரும் வழியைக் காணோம். நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் டிவியைப் பார்க்க வேண்டியிருந்தது.

காலையில் மேசைக்குப் பின்னால் தூசி தட்டப் போனேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். ஒயர் காலில் சுற்றியது. டிவி முன்பக்கமாகச் சாய்ந்தது. பாய்ந்து பிடித்துவிட்டேன், ஆனால் அதற்குள் நாற்காலியின் மேல்முனையில் 'டக்' என்று ஒரு சத்தம். நிமிர்த்தி வைத்துத் தடவிப் பார்த்தேன். திரை வழவழவென்று இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. தப்பித்தேன் என்று நினைத்துத்தான் போட்டேன். செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்டது. அவர் முகத்தில் மட்டும் மை கொட்டியிருந்தது. அதிலிருந்து பச்சையும் ஊதாவுமாக நெட்டுக்கோடுகள்.

நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி இந்த வீட்டுக்கு வந்தேன். நாலு மாதமாகிறது. என் கணவரைப் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை. அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் குடித்த தம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுவேன். குளித்ததும் குளியலறைத் தரையைத் துடைத்துவிடுவேன். நடப்பதே தெரியாது என்று அண்ணன் என்னைப் பூனை என்றுதான் கூப்பிடுகிறான். இங்கே ஒருத்தி இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் இருந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். இப்போது கூடத்தின் நடுவில் இவ்வளவு பெரிய அடையாளம்.

என்னிடம் கொஞ்சம் சேமிப்பு உண்டு. ஆறு மணிக்குள் கண்ணாடியை மாற்றிவிட்டால் அண்ணிக்குத் தெரியவே வேண்டாம். காலையிலிருந்து எனக்கு இந்த ஒரே யோசனைதான்.

மெக்கானிக் மூன்று மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை, காதில் பென்சில்.

"எப்படி ஆச்சு?"

"போட்டேன், தானா இப்படி வந்துது சார்."

அவர் போட்டுக் கோடுகளைப் பார்த்தார். டிவியை அணைத்தார். சின்ன டார்ச்சைத் திரையின் பக்கவாட்டில் பிடித்தார். கீழ்மூலையில், வழவழப்புக்கு உள்ளே, சிலந்தி வலை மாதிரி ஒரு விரிசல் மின்னியது.

"தானா வந்தா கோடுதாம்மா வரும். இது அடி. இந்த எடத்துலதான் பட்டிருக்கு, இங்கேருந்துதான் பரவியிருக்கு. மேல இருக்கறது ஒரு மெல்லிசு தாளு, அது கிழியல. உள்ள கண்ணாடி போயிடுச்சு."

"நாற்காலி பட்டுது," என்றேன்.

"நாற்காலி வந்து பட்டுதா, டிவி போய் பட்டுதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் கண்ணாடிய மட்டும் மாத்திடுங்க சார். ஆறு மணிக்குள்ள."

"இது ஜன்னல் இல்லம்மா. படமும் கண்ணாடியும் ஒண்ணு. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுலதான் படமே. ஓரத்துல ஃபிலிம் மாதிரி பட்டைங்க ஒட்டியிருக்கும், சிப்பெல்லாம் அதுலதான். மொத்தமா சேர்ந்ததுதான் பேனல். மாத்தினா மொத்தமும் மாத்தணும்."

"எவ்ளோ ஆகும்?"

"புது டிவி நூறுன்னு வைங்க. பேனல் மட்டும் எழுபது. என் கூலி, அது வழியில உடையாம வந்து சேர்ற செலவெல்லாம் சேர்த்தா எண்பத்தஞ்சைத் தொடும்."

"ஒரு பாகத்துக்கா?"

"டிவின்னாலே பேனல்தாம்மா. மத்ததெல்லாம் அதுக்குப் போட்ட சட்டை." அவர் டிவியை மறுபடி போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைத்தார். உடையாத பக்கத்தில் வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். "போர்டு நல்லாருக்கு. பின்னாடி லைட்டும் நல்லாருக்கு. வேணும்னா அதையெல்லாம் ஸ்பேருக்கு நானே எடுத்துக்கறேன், புதுசு வாங்க ஒரு கை கொடுக்கும். எத்தனை வருசம் ஆச்சு வாங்கி?"

தெரியவில்லை என்றேன். நான் இந்த வீட்டுக்கு வரும்போதே இருந்தது.

"அஞ்சு வருசம் ஓடினதுன்னா பேனல் போடறது வேஸ்ட். நாளைக்கு லைட்டு போகும், மறுநாள் போர்டு போகும். ரெண்டு வருசம்னா யோசிக்கலாம். அதுவும் இதே நம்பர் பேனல் கெடைக்கணும். புதுசா, இன்னொரு டிவில கழட்டினதான்னு கேக்கணும். கழட்டினதுக்கு மூணு மாசம்தான் கியாரண்டி தருவான்." அவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். "பேனல் நம்பர் உள்ளதான் ஒட்டியிருக்கும். வெளில இருக்கற மாடல் நம்பரை நம்பி வாங்க முடியாது, ஒரே மாடல்ல ரெண்டு மூணு விதமா பேனல் வரும். ஒரு போர்வை விரிங்க, கவுத்துட்டுத் திறக்கறேன்."

விரித்தேன். இருவருமாக டிவியைக் கவிழ்த்தோம். முதல் திருகில் திருப்புளியை வைத்தவர் நிறுத்தினார். திருகின் மேல் ஒரு சின்ன வெள்ளி ஸ்டிக்கர்.

"சீலு இருக்கே. பில்லு இருக்கா? சில பேரு வாங்கும்போதே உடைஞ்சாலும் தர்ற மாதிரி பிளான் சேர்த்து எடுத்திருப்பாங்க. சாதா வாரண்டில உடைசல் வராது, அதுல வரும். ஆனா வெளியாளு இதைத் திறந்துட்டா அதுவும் போச்சு. பாத்துட்டு வாங்க."

பில் இருந்தால் அண்ணியின் அலமாரியில்தான் இருக்கும். அது பூட்டியிருக்காது என்பது எனக்குத் தெரியும். நாலு மாதத்தில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. அண்ணியின் அறைக்குள் போய் நின்றேன். யாருமில்லாத வீட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கதவு லேசாகக் கிறீச்சிட்டது. புடவைகளுக்கு அடியில் ஒரு கோப்பு. அதில் எல்லா பில்களும் தேதிவாரியாக இருந்தன. டிவியின் பில்லும், அதோடு குத்தப்பட்ட இன்னொரு தாளும். எதிர்பாராத சேதத்துக்கு இரண்டு வருடம். அடுத்த புதன்கிழமையோடு முடிகிறது. பெயர், அண்ணியுடையது. கைபேசி எண், அண்ணியுடையது.

மெக்கானிக் படித்துப் பார்த்தார். "அதிர்ஷ்டம்தாம்மா. கம்பெனிக்கு ஃபோன் பண்ணுங்க. இந்த நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லணும். அப்புறம், தானா வந்துதுன்னு சொல்லிடாதீங்க. ஆளு வந்து பாத்ததுமே தள்ளிடுவான். நடந்ததைச் சொன்னாத்தான் குடுப்பான்."

"திறந்துடுங்க சார், நானே செலவு பண்ணிக்கறேன்னு சொன்னா?"

"திறக்கறேன். ஆனா இன்னைக்குப் பேனல் வராது. வர நாலஞ்சு நாளாவும்." அவர் திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆறு மணி என்பது அங்கேயே உடைந்தது. இருந்தும் ஒரு நிமிடம் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறக்கச் சொன்னால் பில்லே தேவைப்படாது, அலமாரியைத் திறந்ததாவது தெரியாமல் போகும். இவ்வளவு கேவலமாகவா கணக்குப் போடுகிறேன் என்று தோன்றியது. போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"வேணாம் சார்," என்றேன். அண்ணியைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"அண்ணி, டிவிய உடைச்சிட்டேன்."

"உனக்கு அடி கிடி பட்டுதா?"

"இல்ல. பில்லுல ஒரு பிளான் இருக்கு. அடுத்த புதன் வரைக்கும். உங்க ஃபோனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும்."

பின்னால் அலுவலகத்து இரைச்சல் குறைந்தது, அண்ணி வெளியே வந்திருக்க வேண்டும்.

"பில்லு என் பீரோல இல்ல இருக்கு?"

"ஆமா. திறந்தேன்."

"எதுக்கு? எனக்குத் தெரியாம சரி பண்ணிடலாம்னா?"

"ஆமா அண்ணி."

"ஃப்ரிட்ஜ்லேருந்து தண்ணி எடுக்கவே 'எடுக்கலாமா அண்ணி'ன்னு கேப்ப. ஒவ்வொரு தடவையும் பத்திக்கிட்டு வரும் எனக்கு. நான் என்ன ஹோட்டலா நடத்தறேன்? கேக்காம ஒண்ணு திறக்கணும்னு உனக்குத் தோணினா, அது இதுக்குத்தானா?"

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோவமாத்தான் இருக்கேன். வந்து பேசிக்கறேன். அந்தாளை ஸ்க்ரூல கை வைக்க விடாத. நம்பர் வந்ததும் சொல்றேன், எழுதிக்கோ."

மெக்கானிக் பார்க்க வந்ததற்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு, டிவியை நிமிர்த்தி வைக்க உதவிவிட்டுப் போனார். நான் தரையில் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்குப் பேசினேன். அண்ணி சொன்ன எண்ணைப் படித்தேன். மறுமுனையில் ஒரு பெண் விசைப்பலகையில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்படி உடைஞ்சுது மேடம்?"

"தூசி தட்டினேன். ஒயர் கால்ல மாட்டி, டிவி சாஞ்சு நாற்காலில இடிச்சுது. உடைச்சது நான்தான்."

"ஆய்வுக்கு நாளைக்கு ஆள் வருவாங்க. அதுவரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. பில்லு வேற பேர்ல இருக்கே, நீங்க அவங்களுக்கு யாரு? விருந்தாளியா, குடும்பமா? ரெண்டுல ஒண்ணு குறிக்கணும்."

மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தேன்.

"நாத்தனார்," என்றேன். "குடும்பம்னு போடுங்க."