பொறுப்பேற்ற முற்பகல்

அமலராணி தன் அக்கா மெட்டில்டாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, அசரியா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான்கள் துளை மாறிப் போயின. சட்டை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. மகள் கிருபா எழுந்து வந்து, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி சரியாகப் போட்டுவிட்டாள். அவளுடைய அம்மா மெட்டில்டாவுக்கு விடியும்போதுதான் உயிர் பிரிந்திருந்தது.

யாரும் வாய்விட்டு அழவில்லை. அழக் கூடாது என்று சொல்லிவிட்டார் அமலராணியின் கணவர் வில்பிரட்.

"அண்ணா, முதல்ல ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அக்கா வைத்தியத்துக்குன்னுதான் டிரான்ஸ்பர் குடுத்தாங்க. அக்காவே இல்லைன்னு தெரிஞ்சா நாகர்கோவிலுக்கே திரும்பிப் போன்னுடுவாங்க. அப்புறம் பொம்பளைத் துணையில்லாம அங்க கிருபா கதி?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அசரியா ஆர்டரை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மெட்டில்டாவுக்கு அடையாறு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கரண்டு வைக்க ஆரம்பித்ததிலிருந்து தாயும் மகளும் தாம்பரத்தில் இந்த வீட்டில்தான். மின்சார ரயிலில் கிண்டி வரை, பிறகு பஸ். வாந்தி எடுக்கும் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனது கிருபா. அசரியாவோ நாகர்கோவில் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து மணியார்டர் வாங்கிக்கொண்டிருந்தார்.

மாற்றல் லேசில் வந்துவிடவில்லை. டாக்டர் சர்டிபிகேட்டோடு எழுதிய மனு போஸ்ட்மாஸ்டர் வழியாக சூப்பிரண்டுக்கும், அங்கிருந்து செங்கல்பட்டு சூப்பிரண்டுக்கும் போய், காலியிடம் வரட்டும் என்று படுத்துக்கொண்டது. சொந்த வேண்டுகோள் என்பதால் பயணப்படி கிடையாது. இத்தனை வருஷ சர்வீஸின் சீனியாரிட்டியை விட்டுக் கொடுத்து, புது இடத்தில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் கீழே கடைசி ஆளாக நிற்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார். அப்படியும் ஆர்டர் வந்த பிறகு, மாற்று ஆள் வராமல் அவரை விடவில்லை. ஆள் வந்ததும் ஓடிவந்து ரயிலேறினார். நேற்று மாலை மெட்டில்டா கண்ணைத் திறந்து, "மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தெருவில் இறங்கியபோது வேதக்கோயிலில் சாவு மணி அடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. போதகர் ஐயருக்கே இன்னும் சொல்லி அனுப்பவில்லை, மணி எப்படி அடிக்கும்? பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா? எதிரே வந்தவர்களெல்லாம் தன் முகத்தையே பார்ப்பதாகத் தோன்றியது.

தாம்பரம் போஸ்ட்மாஸ்டர் ஸ்ரீநிவாசராகவன் நல்ல மனிதர். விடுவித்த உத்தரவை வாங்கிப் பார்த்து, உட்காரச் சொன்னார்.

"வீட்டுல இப்போ எப்படி இருக்கா?"

"இருக்கா, சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பொறுப்பேற்கும் சார்ஜ் ரிப்போர்ட்டை முன்னால் வைத்தார்கள். இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது மையைச் சிதறவிட்டார். போஸ்ட்மாஸ்டர் கவனித்துவிட்டார்.

"ஏன் மை இப்படிச் சிதறறது? ஆர்டர் போயிடும்னு பயமா?" என்று சிரித்தார். "இங்க சவுரிமுத்துன்னு ஒருத்தர் இருந்தார். அம்மா வைத்தியத்துக்குன்னு மாத்தல் கேட்டார். வந்து சேர்றதுக்குள்ள அந்தம்மா போயிட்டா. உங்களை மாதிரிதான் பயந்துண்டு வந்து நின்னார். சீனியாரிட்டியைக் குடுத்து வாங்கின இடம் சார், அதை யார் பிடுங்கப் போறா? இங்கேயேதான் ரிடையர் ஆனார்."

அசரியா வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிடலாம். சொல்லியே ஆகவேண்டும். ஆனால் இருக்கிறாள் என்று சற்று முன் சொன்ன அதே வாயால் எப்படிச் சொல்வது?

"இன்னிக்கு லீவு எழுதிக் குடுத்துட்டு, அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போங்கோ" என்றார் போஸ்ட்மாஸ்டர். அசரியா கைகூப்பினார். அவர் கண்ணில் நீரைப் பார்த்து, நன்றிக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார் அந்த நல்ல மனிதர்.

திரும்பும் வழியில் வேதக்கோயிலைத் தாண்டி வந்தார். காலையிலேயே ஊரைக் கூட்டி அழுதிருக்கலாம். கட்டிய மனைவியை அனாதைப் பிணம்போல ஒளித்துவைத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று நெஞ்சு பற்றி எரிந்தது.

கதவைத் திறந்தது கிருபா. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தாங்கப்பா. அம்மா தூங்குறாங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்போ, இனிமே அழலாமாப்பா?"

முதலிலிருந்தே அழுதிருக்கலாம் என்பதை அந்தக் குழந்தையிடம் அவரால் சொல்ல முடியவில்லை. "அழும்மா" என்றார்.

கிருபா அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பிறகு, காலையிலிருந்து சாத்திக் கிடந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட ஆரம்பித்தாள்.