ஞாயிறு ஆறு மணி வரை

அந்தக் கடைக்கு வாசலும் கிடையாது, கல்லாவும் கிடையாது. மேல்மாடியில் நான்கு மேஜை, கீழே ஸ்டோர், நடுவில் ஒரு இரும்புப் படிக்கட்டு, அவ்வளவுதான். விளக்குகளை இணையத்தில் விற்கும் கடை அது. விளம்பர வாசகங்களை எழுதுகிறவரை எல்லோரும் கவிஞர் என்றே கூப்பிட்டார்கள். வாழ்நாளில் அவர் ஒரு கவிதையும் எழுதியதில்லை. முதலில் கிண்டலாக வந்த பெயர், பிறகு அப்படியே ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவர் தனியாள். மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போன மனைவி மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லியிருந்தாள். பேரனுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் போன் வரும். "எப்ப வர்ற?" என்று இவர் கேட்பார். "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்பாள் அவள். அந்த அடுத்த மாதம் வானவில் மாதிரி, நெருங்க நெருங்க நகர்ந்துகொண்டே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியம்மா அவர் மேஜைக்கு வந்தாள். வயதில் மகளைவிடச் சற்றுப் பெரியவள், கையில் எப்போதும் போன்.

"கவிஞரே, அந்த மடக்கு விளக்கைப் பாதி விலைக்குத் தள்ளிடலாம். கம்பெனி அந்த மாடலை நிறுத்திட்டான். திங்கக்கிழமை காலையில ஸ்டோரை வேற கட்டடத்துக்கு மாத்தறோம், அதுக்குள்ள முடிஞ்சவரை காலி பண்ணணும். 'இன்னும் சில நிமிடங்களே, முந்துங்கள்'னு போட்டு, ஓடற கடிகாரம் ஒண்ணு வச்சிடுங்க."

"போன தடவை அப்படித்தாம்மா வச்சோம். பக்கத்தைத் திரும்பத் திறந்தா கடிகாரம் முதல்லேர்ந்து ஓடுதுன்னு ஒருத்தர் வீடியோவே எடுத்துப் போட்டாரு. ஊரே சிரிச்சுது."

அவள் முகம் சுருங்கியது. "சரி, நீங்களே ஏதாவது பண்ணுங்க. ஆனா வேகமா விக்கணும்."

கவிஞர் படிக்கட்டில் இறங்கினார். மடக்கு விளக்கு அறுபத்து நான்கு இருப்பதாகக் கணினி சொன்னது. ஸ்டோர்காரரோ, "கணினி சொல்றதை நம்பினா நம்ம பொழப்பு சந்தி சிரிச்சுடும்" என்று சொல்லியபடி ஏணியைச் சாய்த்தார். பெட்டிகளை இறக்கி இருவருமாக எண்ணினார்கள். ஆறு பெட்டியைக் காணவில்லை. மூன்றில் விளக்கின் மூடி விரிசல் விட்டிருந்தது.

"விக்கிறதுல பழுது வந்தா மாத்திக் கொடுக்க அஞ்சு வச்சுக்கணும் சார். கம்பெனி இனிமே பண்ணமாட்டான். அப்புறம் எங்க போறது?"

ஆக, விற்கக்கூடியது ஐம்பதுதான். கணினியிலும் அதையே ஐம்பதாகத் திருத்தச் சொல்லிவிட்டு மாடியேறி எழுத உட்கார்ந்தார்.

'இன்னும் ஐம்பதுதான் மீதம்' என்று முதலில் எழுதி, உடனே அடித்தார். நாளைக்குப் படிப்பவனுக்கு அது பொய்யாகிவிடும். கடைசியில் இப்படி எழுதினார்:

*வெள்ளி மாலை ஐம்பது மடக்கு விளக்குகளுடன் தொடங்குகிறோம். இந்த மாடல் இனி வராது. ஞாயிறு மாலை ஆறு மணி வரை பாதி விலை. முன்பே தீர்ந்தால் அப்போதே முடியும். மீதம் இருந்தால் ஆறு மணிக்குப் பிறகு பழைய விலைதான். ஒருவருக்கு இரண்டு. கூடையில் போட்டு வைத்தால் உங்களுடையது ஆகாது, பணம் கட்டினால்தான் ஆகும். இப்போது எத்தனை இருக்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் பாருங்கள். அது விற்க விற்கக் குறையும் எண். வேண்டுமா என்று யோசிக்க நேரம் இருக்கிறது. யோசித்து வாங்குங்கள்.*

முதலாளியம்மா படித்தாள். "யோசிக்கச் சொல்றீங்களா? யோசிச்சா எவன் வாங்குவான்?" என்றாள். ஆனாலும் போட்டுவிட்டாள்.

முதல் நாள் ஈ ஓட்டினார்கள். சனிக்கிழமை சூடு பிடித்தது. ஞாயிறு மதியம் கவிஞர் தானாகவே அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் இருந்தால் நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நடப்பதைத் தவிர வேலை இல்லை. முதலாளியம்மாவும் வந்திருந்தாள். எண் இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு அடித்தபோது ஒன்பது மிச்சம்.

"ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நீட்டிப்புன்னு ஒரு வரி போடுங்க கவிஞரே. ஒன்பதும் பறந்துடும்."

"வேண்டாம்மா."

"ஒன்பதே ஒன்பதுதானே?"

"ஆறு மணின்னு நம்பி, கைவேலையைப் போட்டுட்டு வந்து வாங்கினவங்க இருப்பாங்க. அவங்ககிட்ட என்ன சொல்றது?"

"இது என் கடை."

"உங்க கடைதான். நீட்டிக்கணும்னா என் வாசகத்தை எடுத்துட்டு நீங்க எழுதிப் போடுங்க. என்னால முடியாது."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்த வயதில் இந்த வேலையும் போனால் பகலும் ராத்திரி மாதிரி ஆகிவிடும். முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, விலையைப் பழையபடி ஏற்றினாள்.

சற்று நேரத்தில் ஒரு செய்தி வந்தது. 'இப்போதுதான் பார்த்தேன், அதே விலைக்கு ஒன்று கிடைக்குமா?' சலுகை முடிந்துவிட்டது, மன்னிக்கவும் என்று கவிஞர் பணிவாகப் பதில் போட்டார். 'கல்நெஞ்சக்காரர்கள்' என்று மறுசெய்தி வந்தது.

"நல்ல பேரு வாங்கிக் கொடுத்துட்டீங்க" என்று முதலாளியம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோபமா, கேலியா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வீடு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, போன் அடித்தது. அந்தப் பக்கம் விடிந்திருந்தது. பேரன் சிணுங்கும் சத்தம் கேட்டது.

"எப்ப வர்ற?"

"அடுத்த மாசம்..."

"ஒரு தேதி சொல்லு. தள்ளிப் போனாலும் பரவாயில்ல, நிஜமான தேதியா சொல்லு. வரலைன்னா வரலைன்னு சொல்லு."

பேரனை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கதவு சாத்தியது.

"கோவமா?"

"கோவமில்ல. கேக்கறேன்."

"நான் வர்றதா இல்லைங்க. போன வருஷமே தெரியும். இங்க இவனோட எனக்குப் பொழுது போகுது. அங்க வந்தா நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை. அதைச் சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் மாசத்தைச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ஒரு மூலை, ஒரு மூலை. அது பொய் இல்லை என்று அவருக்கும் தெரியும். "சரி. உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்தார். விளக்கைப் போடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். அழுகை வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த வீடு, நேற்றைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை பெட்டிகளை வண்டியில் ஏற்ற அவரும் கைகொடுத்தார். முதலாளியம்மா அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அடுத்த விற்பனைக்கு, "போய் எண்ணிட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம், வராது என்று நினைத்த நேரத்தில் போன் வந்தது. எடுத்தார். கேட்பதற்கு இருந்த ஒரே கேள்வி தீர்ந்துபோயிருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இனிமேதான்." கொஞ்சம் தயங்கி, "நேத்து ஒருத்தர் என்னைக் கல்நெஞ்சக்காரன்னு திட்டிட்டாரு" என்றார்.

"உங்களையா? எதுக்கு?"

அவர் ஐம்பது விளக்குகளின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஆபீஸில் என்ன வேலை செய்கிறார் என்று அவள் இதுவரை கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.